மருந்து ஆலையின் க்யூ.சி. வேலைக்கு ரெஸ்யூமே எழுதுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

மருந்து ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில், அதாவது க்யூ.சி.யில், ஒன்றிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு அடுத்த கம்பெனிக்குப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். படிப்பு முடித்து முதல் வேலை தேடுபவர்களுக்கும் இடையில் ஒரு பகுதி உண்டு.

இந்தத் துறையில் இன்டர்வியூ எடுப்பவர் பெரும்பாலும் க்யூ.சி. மேலாளர்தான். அவரே பல வருடம் எச்.பி.எல்.சி. முன்னால் நின்றவர். ரெஸ்யூமேயைக் கையில் வாங்கியதும் ஏதாவது ஒரு கருவியின் பெயரைப் பேனாவால் வட்டமிடுவார். அடுத்த இருபது நிமிடப் பேச்சு அந்த வட்டத்துக்குள்தான் நடக்கும். அதனால் நாம் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு வரியாக எழுதப் போகிறோம்.

ஒருவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். எம்.எஸ்சி. வேதியியல் படித்த பெண். ஓசூர்ப் பக்கம் மாத்திரை, கேப்ஸ்யூல் செய்யும் ஒரு ஆலையில் இரண்டரை வருடம் அனலிஸ்டாக இருக்கிறார். அவருடைய ரெஸ்யூமேயை நாம் சேர்ந்து எழுதுவோம்.

முதல் படி: கணினியைத் திறக்காதீர்கள்

ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சேர்ந்த நாளிலிருந்து மாத வரிசையில் என்னென்ன செய்தோம் என்று எழுதுவோம். முதல் மூன்று மாதம் பயிற்சி, எஸ்.ஓ.பி. படித்துக் கையெழுத்து. பிறகு பி.எச்., கே.எஃப்., உலர்த்தல் இழப்பு போன்ற சோதனைகள். அதன்பின் டிசொல்யூஷன். ஒரு வருடம் கழித்து எச்.பி.எல்.சி.க்கான தகுதிச் சோதனை. அதில் தேறிய பிறகு சொந்தக் கையெழுத்தில் அஸே. இந்த வரிசை முக்கியம். எந்தத் தேதியிலிருந்து தனியாக ஒரு சோதனையைச் செய்ய அனுமதி கிடைத்தது என்பதுதான் உங்கள் உண்மையான அனுபவத்தின் தொடக்கம்.

ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரே மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். என்ன மாதிரி சாம்பிள்: மூலப்பொருளா, தயாரித்து முடித்த மருந்தா, ஸ்டெபிலிட்டியா? என்ன சோதனை? எந்தக் கருவி, எந்த மென்பொருள்? எம்பவரில் வேலை செய்தவரும் லேப்சொல்யூஷன்ஸில் வேலை செய்தவரும் ஒரே எச்.பி.எல்.சி. அறிவு உள்ளவர்கள்தான். ஆனாலும் ஆள் எடுப்பவர், முதல் வாரமே உட்காரக்கூடியவரைத்தான் தேடுவார். ஆகவே மென்பொருளின் பெயரை விட்டுவிடாதீர்கள்.

இதையெல்லாம் நினைவிலிருந்து எழுத வேண்டும். கம்பெனியின் சோதனை முறைத் தாளையோ குரோமட்டோகிராமையோ போனில் படம் எடுத்து வந்து பார்த்து எழுதக் கூடாது. அது வேலைக்கே ஆபத்து. தவிர, நினைவில் இல்லாத ஒன்றை ரெஸ்யூமேயில் எழுதினால் இன்டர்வியூவிலும் அது நினைவுக்கு வராது.

இரண்டாம் படி: மேல் பாதிப் பக்கத்தில் என்ன?

பெயர், போன் எண், மின்னஞ்சல், ஊர். அதன் கீழே மூன்று வரியில் நம்மைப் பற்றி. "சவாலான சூழலில் திறமையை வளர்க்க விரும்புகிறேன்" என்ற குறிக்கோள் வாக்கியம் வேண்டாம். அதை யாரும் படிப்பதில்லை. நம் உதாரணப் பெண் எழுத வேண்டியது இதன் ஆங்கில வடிவத்தை: "மாத்திரை, கேப்ஸ்யூல் ஆலையின் க்யூ.சி.யில் இரண்டரை வருட அனுபவம். முடித்த மருந்து, ஸ்டெபிலிட்டி சாம்பிள்களில் அஸே, டிசொல்யூஷன், தொடர்புடைய மாசுகள் ஆகிய சோதனைகளை எச்.பி.எல்.சி.யில் தனியாகச் செய்கிறேன், மென்பொருள் எம்பவர். ஒரு யு.எஸ்.எஃப்.டி.ஏ. ஆய்வின்போது பணியில் இருந்திருக்கிறேன்."

இதைப் படித்ததுமே எந்த வேலைக்கு, எந்தச் சம்பள நிலைக்கு நாம் பொருந்துவோம் என்று மேலாளர் முடிவு கட்டிவிடுவார். மீதிப் பக்கமெல்லாம் இந்த மூன்று வரிக்குச் சாட்சி.

மூன்றாம் படி: கருவிகளை எப்படி எழுதுவது?

பெரும்பாலான ரெஸ்யூமேக்களில் ஒரு வரி இருக்கும்: "எச்.பி.எல்.சி., ஜி.சி., யூ.வி., எஃப்.டி.ஐ.ஆர்., டிசொல்யூஷன், கே.எஃப். கருவிகளைக் கையாண்ட அனுபவம்." ஆறு கருவிகளும் ஒரே எடையில் நிற்கின்றன. ஜி.சி.யைப் பக்கத்தில் நின்று பார்த்தாரா, தானே ஓட்டினாரா என்பது தெரியவில்லை. மேலாளர் வட்டமிடுவது பெரும்பாலும் ஜி.சி.யாகத்தான் இருக்கும்!

கருவி அறிவை நான்கு நிலையாகப் பிரித்துக்கொள்வோம். உதவியாளராக உடன் இருந்தது, தனியாக ஓட்டியது, காலிபரேஷன் செய்தது, கோளாறு வந்தால் கண்டுபிடித்துச் சரிசெய்தது. ஒவ்வொரு கருவியையும் அதன் உண்மையான நிலையில் எழுதுவோம். நம் பெண்ணுக்கு எச்.பி.எல்.சி. நான்காம் நிலை, டிசொல்யூஷன் மூன்றாம் நிலை, ஜி.சி. முதல் நிலை. "ஜி.சி.யில் எஞ்சிய கரைப்பான் சோதனைக்கு உதவியிருக்கிறேன்" என்று எழுதுவதால் மதிப்பு குறையாது. பார்ப்பவருக்கு மற்ற வரிகளின் மேலும் நம்பிக்கை வரும்.

காலிபரேஷன் செய்தேன் என்று எழுதினால் என்ன கேட்பார்கள்? எச்.பி.எல்.சி. என்றால், பம்பின் ஓட்டம் சரியா என்று எப்படிப் பார்த்தீர்கள் என்பதில் தொடங்குவார்கள். நிமிடத்துக்கு 1 மி.லி. என்று வைத்து, 10 மி.லி. குடுவை நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஸ்டாப்வாட்சில் பார்ப்பது ஒரு முறை. பத்து நிமிடத்தை ஒட்டி வர வேண்டும். டிடெக்டரின் அலைநீளத்தை எதை வைத்துப் பார்த்தீர்கள்? பல ஆலைகளில் கஃபீன் கரைசல். 273 நானோமீட்டர் அருகே அது உச்சம் காட்டும். இந்த இரண்டுக்கும் தயங்காமல் பதில் வந்தால், காலிபரேஷன் என்ற சொல்லை ரெஸ்யூமேயில் வைத்துக்கொள்ளலாம். வராவிட்டால் எடுத்துவிடுவோம்.

கோளாறு பார்த்தேன் என்று எழுதினால் கேள்வி இன்னும் கூர்மையாக வரும். "ஓடிக்கொண்டிருந்த கருவியில் அழுத்தம் குறைகிறது, பீக் வழக்கத்தைவிடத் தாமதமாக வருகிறது. என்ன செய்வீர்கள்?" உண்மையில் கருவி முன்னால் நின்றவர் உடனே சொல்வார்: பம்பில் காற்றுக் குமிழி புகுந்திருக்கலாம், அல்லது எங்காவது கசிவு இருக்கலாம். அதனால் காலமுக்குள் உண்மையில் போகும் ஓட்டம் குறைந்து, பீக் பின்தள்ளிப் போகிறது. இணைப்புகளை டிஷ்யூ பேப்பரால் தொட்டுப் பார்ப்பேன், பர்ஜ் செய்வேன், மொபைல் ஃபேஸ் பாட்டிலில் ஃபில்டர் மூழ்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். அப்புறம் அவரே சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு: அந்த ஓட்டத்தை நிறுத்தியதற்கான காரணத்தை லாக் புக்கில் எழுதி, மேற்பார்வையாளரிடம் தெரிவிப்பேன். இந்தக் கடைசி வாக்கியம் இல்லாத பதில், மருந்து ஆலையைப் பொறுத்தவரை பாதிப் பதில்தான்.

அஸே செய்தேன் என்றால் சிஸ்டம் சூட்டபிலிட்டி பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். பல முறைகளில் ஸ்டாண்டர்டை ஐந்து முறை இன்ஜெக்ட் செய்து, பரப்பளவின் ஆர்.எஸ்.டி. 2.0 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, டெயிலிங் 2.0-க்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு இருக்கும். எண்ணைச் சொல்வது எளிது. அது தேறாவிட்டால் சாம்பிள் ஓட்டத்தின் கதி என்ன என்பதையும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிசொல்யூஷன் வரியும் இப்படித்தான். "டிசொல்யூஷன் கருவி கையாண்டேன்" என்பதற்குப் பதில், "உடனடி வெளியீட்டு மாத்திரைகளில் பேடில், பேஸ்கெட் இரண்டிலும் டிசொல்யூஷன், எந்திரவியல் காலிபரேஷன்" என்று எழுதுவோம். நீர் 37 டிகிரி, அதில் கூடக் குறைய அரை டிகிரி; பேடிலுக்கும் கலத்தின் அடிக்கும் இடையே 25 மி.மீ., கூடக் குறைய 2 மி.மீ. என்பதெல்லாம் செய்தவர் கையில் இருக்கும். எனக்குப் பிடித்த கேள்வி வேறு: "வரம்பு, கியூ 80 சதவீதம். ஆறு மாத்திரையில் ஒன்று 83 காட்டுகிறது. இது ஓ.ஓ.எஸ். தானே?"

இல்லை. முதல் கட்டத்தில் ஒவ்வொரு மாத்திரையும் கியூவுக்கு மேல் 5 சதவீதம், அதாவது 85 காட்ட வேண்டும். 83 வந்ததால் முதல் கட்டம் தேறவில்லை, அவ்வளவுதான். இன்னும் ஆறு மாத்திரை போட்டு இரண்டாம் கட்டம் போவோம். பன்னிரண்டின் சராசரி 80-க்குக் குறையாமலும், எதுவும் 65-க்குக் கீழே போகாமலும் இருந்தால் தேறிவிடும். இதைத் தெளிவாகச் சொல்பவரிடம், டிசொல்யூஷனில் வேறு எதையும் கேட்க மாட்டார்கள்.

எல்லாக் கருவிக்கும் இவ்வளவு தயாரிப்பு வேண்டுமா? வேண்டாம். வலுவான இரண்டு கருவியை இப்படி விரித்து எழுதுங்கள். பி.எச். மீட்டர், தராசு, யூ.வி., கே.எஃப். ஆகியவற்றை ஒரே வரியில் "தனியாக இயக்கியவை" என்று சேர்த்துவிடலாம். ஆனால் தராசில் அன்றாடச் சரிபார்ப்பை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் விழிக்காமல் இருங்கள்.

நான்காம் படி: ஆவண ஒழுக்கத்தை எப்படிக் காட்டுவது?

"ஜி.எம்.பி., ஜி.எல்.பி., ஏ.எல்.சி.ஓ.ஏ. பற்றி நல்ல அறிவு" என்று எழுதுவதில் பயனில்லை. ஏ.எல்.சி.ஓ.ஏ. என்பது ஐந்து கேள்வி. யார் எழுதியது என்று தெரிகிறதா, படிக்க முடிகிறதா, செய்தபோதே எழுதியதா, அசல் பதிவா, துல்லியமா? இதை அறிந்தேன் என்று சொல்வதைவிட, இதன்படி நீங்கள் கையால் செய்த வேலைகளை எழுதுங்கள். சோதனைத் தரவுத் தாள் நிரப்பியது, கருவி லாக் புக் பராமரித்தது, ஸ்டாண்டர்ட், கரைப்பான் பதிவேடு பார்த்தது, காலிபரேஷன் அட்டவணையைப் பின்தொடர்ந்தது. எஸ்.ஓ.பி. ஒன்றின் திருத்தத்துக்கு வரைவு எழுதியிருந்தால் அது பெரிய வரி. அதற்குத் தனி இடம் கொடுங்கள்.

இன்டர்வியூவில் இதைச் சோதிக்கும் விதம் மிக எளிமையானது. தாளைத் தள்ளி, "எடையைத் தவறாக எழுதிவிட்டீர்கள். திருத்திக் காட்டுங்கள்" என்பார்கள். பழைய எண் தெரியும்படி ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான எண், சுருக்கக் கையெழுத்து, தேதி, திருத்தக் காரணம். எண்ணின் மேலேயே அழுத்தி எழுதுபவரை அதோடு அனுப்பிவிடுவார்கள்.

இரண்டாவது சோதனை, குரோமட்டோகிராஃபி மென்பொருளில். "பீக்கைக் கையால் இன்டகிரேட் செய்திருக்கிறீர்களா?" இல்லவே இல்லை என்பது எப்போதும் நல்ல பதில் ஆகாது, மாசுகளின் சோதனையில் சில நேரம் அது தேவைப்படும். எஸ்.ஓ.பி. அனுமதிக்கும் இடத்தில் மட்டும், காரணத்தை மென்பொருளிலேயே பதிந்து, மேலே ஒருவர் பார்த்து ஒப்புதல் தரும்படி செய்தேன் என்பதே முழுப் பதில். ஆடிட் ட்ரெயிலில் அது எப்படித் தெரியும் என்று திறந்து காட்டவும் தெரிந்திருந்தால் அதை ரெஸ்யூமேயில் ஒரு வரியாகவே எழுதலாம்.

ஓ.ஓ.எஸ்.: ஒரே வரியில் ஒரு கதை

நிர்ணயித்த வரம்புக்கு வெளியே முடிவு வருவதுதான் ஓ.ஓ.எஸ். அதில் பங்கெடுத்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், இரண்டரை வருட ரெஸ்யூமேயில் அதைவிட மதிப்பான வரி கிடையாது. பலர் அதை மறைக்கிறார்கள், தங்கள் கைத்தவறு என்று நினைப்பார்களோ என்று. மறைக்க வேண்டாம்.

நம் பெண்ணின் நோட்டில் இப்படி ஒரு சம்பவம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாத்திரை அஸே, வரம்பு 95.0 முதல் 105.0 சதவீதம். அவருக்கு வந்தது 93.1. உடனே மேற்பார்வையாளரிடம் சொன்னார். குடுவைகளையும் வயல்களையும் கொட்டாமல் வைத்திருந்தார். எடை, நீர்த்தல் கணக்கு, ஸ்டாண்டர்ட் எல்லாம் சரி. விசாரணைத் திட்டத்தின்படி அதே வயலை மறுபடி இன்ஜெக்ட் செய்தபோது 93.2. ஆக, கருவியில் குறையில்லை. மூலக் குடுவையிலிருந்து புதிதாக நீர்த்தபோது 93.0. ஆக, பிப்பெட்டிலும் குறையில்லை. குடுவையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அடியில் கரையாத துகள்கள். அதே குடுவையை மேலும் 15 நிமிடம் சோனிகேட்டரில் வைத்து, இடையிடையே குலுக்கி, நீர்த்துப் பார்த்தபோது 98.9. மருந்து முழுதாகக் கரைந்து வெளிவரவில்லை என்பது இப்படித்தான் நிரூபணமாயிற்று.

கவனியுங்கள், இந்த 98.9-ஐ அறிக்கையில் போட்டுவிட முடியாது. அது காரணத்தைக் கண்டுபிடிக்கச் செய்த சோதனை மட்டுமே. க்யூ.ஏ. ஒப்புதலோடு முதல் முடிவைச் செல்லாததாக்கி, எஸ்.ஓ.பி. சொல்லும்படி புதிதாகச் சாம்பிள் தயாரித்துச் செய்த சோதனையின் முடிவுதான் செல்லும். ஆய்வகத் தவறு என்று சான்று கிடைக்காவிட்டால் முதல் முடிவைத் தூக்கிப் போட முடியாது. நல்ல எண் வரும்வரை திரும்பத் திரும்பச் சோதிப்பதும் கூடாது. 1993-ல் அமெரிக்காவில் பார் லேபரட்டரீஸ் வழக்கில் நீதிமன்றம் அழுத்திச் சொன்ன விஷயம் இது. யு.எஸ்.எஃப்.டி.ஏ. இதற்கென 2006-ல் வழிகாட்டு ஆவணம் வெளியிட்டு, 2022-ல் திருத்தியது. இன்டர்வியூவுக்குப் போகுமுன் படிக்க ஒரே ஒரு ஆவணத்தைச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன், இணையத்தில் இலவசம்.

ரெஸ்யூமேயில் வர வேண்டியது ஒரு வரி: "அஸே ஓ.ஓ.எஸ். ஒன்றின் முதற்கட்ட விசாரணையில் பங்கேற்பு. முழுமையற்ற பிரித்தெடுப்பே காரணம் எனக் கண்டறிந்து, சோதனை முறையில் குலுக்கும் இடைவெளியைத் தெளிவாக்கும் திருத்தத்துக்கு உதவியது." மருந்தின் பெயர் இல்லை, பேட்ச் எண் இல்லை. கேட்டாலும் சொல்லக் கூடாது. "அது கம்பெனி ரகசியம் சார், முறையை விளக்குகிறேன்" என்று சொன்னால், கேட்டவருக்கு உங்கள் மேல் மரியாதை கூடும்.

ஐந்தாம் படி: ஆடிட் அனுபவம்

"யு.எஸ்.எஃப்.டி.ஏ., எம்.எச்.ஆர்.ஏ., டபிள்யூ.எச்.ஓ. ஆடிட்களை எதிர்கொண்டேன்." இந்த வரி அநேகமாக எல்லா க்யூ.சி. ரெஸ்யூமேயிலும் இருக்கிறது. எதிர்கொண்டது என்றால் என்ன? ஆய்வு நடந்த வாரத்தில் ஆலையில் வேலை பார்த்தீர்களா? ஆய்வாளர் கேட்ட தாள்களைப் பின்னறையிலிருந்து எடுத்துக் கொடுத்தீர்களா? அவர் உங்கள் பக்கத்தில் நின்று உங்களிடமே கேள்வி கேட்டாரா? மூன்றும் அனுபவம்தான், மூன்றும் வேறு வேறு. எது நடந்ததோ அதை, ஆண்டோடு எழுதுங்கள்.

ஆண்டைக் கவனமாக எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. யு.எஸ்.எஃப்.டி.ஏ. எந்த ஆலையில் ஆய்வு எப்போது முடிந்தது, முடிவு எந்த வகை என்பதைத் தன் இணையதளத்தில் தேடக்கூடிய பட்டியலாக வைத்திருக்கிறது. நீங்கள் சேருவதற்கு முந்தைய வருடம் நடந்த ஆய்வை உங்கள் கணக்கில் எழுதினால், இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

டபிள்யூ.எச்.ஓ. என்ற பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. நம் நாட்டில் "டபிள்யூ.எச்.ஓ. ஜி.எம்.பி." சான்றிதழ் தருவது இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள். ஜெனீவாவில் உள்ள உலக சுகாதார நிறுவனம் தன் முன்தகுதித் திட்டத்துக்காக நேரடியாக ஆள் அனுப்பிச் செய்யும் ஆய்வு வேறு. உங்கள் ஆலையில் நடந்தது எது என்று இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வெளிநாட்டு ஆய்வே நடக்காத சிறிய ஆலையில் வேலை பார்த்தவர்கள் மனம் தளர வேண்டாம். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆய்வு, மத்திய அமைப்பான சி.டி.எஸ்.சி.ஓ.வின் ஆய்வு, வாடிக்கையாளர் கம்பெனியின் ஆடிட் எல்லாம் எழுதத் தக்கவை. 2023 டிசம்பர் அறிவிக்கையில் திருத்திய ஷெட்யூல் எம் விதிகள் வந்தபின், உள்நாட்டுக்கு மட்டும் மருந்து செய்யும் ஆலைகளும் ஆவணங்களை இறுக்க வேண்டியிருக்கிறது. அந்த மாற்றத்துக்காக உங்கள் ஆய்வகத்தில் நீங்கள் எதையாவது புதிதாக ஆரம்பித்திருந்தால், அந்த வரி பெரிய ஆலையிலும் எடுபடும்.

எழுதக் கூடாதது ஒன்று: ஆய்வின் முடிவில் ஃபார்ம் 483-ல் என்ன குறைகள் எழுதப்பட்டன என்பது. "ஆய்வுக்குப் பிந்தைய திருத்த நடவடிக்கைகளில் க்யூ.சி. ஆவணங்களைத் தயாரிக்க உதவியது" என்பது போதும்.

மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உங்களைச் சோதனைக்குத் தகுதியானவராக ஏற்றிருந்தால் அதையும் இந்தப் பகுதியிலேயே எழுதுங்கள். ஆனால் அந்த ஒப்புதல் இப்போதைய ஆலையின் உரிமத்தோடு கட்டுண்டது. புதிய ஆலைக்குப் போனால் அவர்கள் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். கடிதத்தின் நகலைப் பத்திரமாக வைத்திருந்தால் அந்த விண்ணப்பம் எளிதாகும்.

முதல் வேலை தேடுபவர்கள் என்ன எழுதுவது?

கல்லூரியில் எச்.பி.எல்.சி. காட்டினார்கள் என்றால் "செய்முறை விளக்கம் பார்த்தேன்" என்று எழுதுங்கள். நீங்களே ஒரு டைட்ரேஷனை மூன்று முறை செய்து மூன்றும் ஒத்து வந்திருந்தால், அதை விரித்து எழுதுங்கள். மோலாரிட்டி, நார்மாலிட்டி, நீர்த்தல் கணக்கு, பி.எச். பஃபர்: புதியவர்களிடம் கேட்பது இவைதான். ஒரு பக்கம் போதும்.

எவ்வளவு செலவாகும்?

எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆறப் போட்டுத் திருத்த இன்னொரு மாலை. ரெஸ்யூமே இரண்டு பக்கத்துக்கு மேல் போகாது என்பதால், ஐந்து பிரதி எடுத்தாலும் ஜெராக்ஸ் கடையில் சில பத்து ரூபாய்தான். கறுப்பு வெள்ளையே போதும். வண்ணப் பட்டை, நட்சத்திரம் போட்டுத் திறனைக் காட்டும் வடிவங்கள் வேண்டாம், எச்.பி.எல்.சி.க்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் என்றால் யாருக்கும் எதுவும் புரியாது.

ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு ரெஸ்யூமே எழுதித் தரும் சேவைகள் இருக்கின்றன. அவர்களுக்கு டிசொல்யூஷனின் மூன்று கட்டங்கள் தெரியாது. அந்தப் பணத்தை வாக்-இன் இன்டர்வியூவுக்கு ஐதராபாத், பெங்களூரு போய்வர வைத்துக்கொள்ளலாம். சனி, ஞாயிறில் ஓட்டல்களில் நடக்கும் இந்த வாக்-இன்களுக்கு ரயில் டிக்கெட்டுதான் பெரிய செலவு. அறிவிப்பு வந்ததும் முன்பதிவு செய்யுங்கள். மதிப்பெண் பட்டியல், நியமனக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு எல்லாவற்றுக்கும் ஒரு செட் நகல் கூடவே போகட்டும்.

ஜாக்கிரதை

வேலை வாங்கித் தருகிறேன், பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று கேட்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். ஒழுங்கான மருந்து கம்பெனி விண்ணப்பிப்பவரிடம் பணம் கேட்காது.

அனுபவத்தை ஆறு மாதம் கூட்டி எழுதச் சொல்லும் ஆலோசகர்கள் உண்டு. சம்பளச் சீட்டு, பி.எஃப். பதிவு இரண்டையும் ஒப்பிட்டாலே அது உடைந்துபோகும். க்யூ.சி.யில் விளைவு இன்னும் கடுமை: தன் தேதியையே மாற்றி எழுதியவர் சோதனைத் தரவை மாற்ற மாட்டாரா என்றுதான் மேலாளர் யோசிப்பார். இடையில் வேலை இல்லாத மாதங்கள் இருந்தால் அப்படியே விடுங்கள்; கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள்.

நண்பரின் ரெஸ்யூமேயை வாங்கிப் பெயரை மாற்றி அனுப்புவதும் நடக்கிறது. ஒரே ஆலையிலிருந்து வந்த மூன்று பேரின் தாளில் ஒரே எழுத்துப் பிழை இருந்தால் வாக்-இன் மேசையில் அது கண்ணில் படாமல் போகாது.

அனுப்புமுன், வேறு ஆலையில் க்யூ.சி.யில் இருக்கும் ஒரு சீனியரிடம் தாளைக் கொடுத்து, பிடித்த இடத்தில் வட்டமிட்டு வரியொன்றுக்கு மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். மூன்றாவது கேள்வியில் திணறும் வரியை அன்றிரவே ஒரு நிலை இறக்கி எழுதுங்கள், அல்லது அடுத்த வாரம் ஷிப்டில் அந்தக் கருவியை ஓட்டுபவரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு அப்படியே வையுங்கள்.